டே ஆர்டரும் டூட்டி சார்ட்டும்: பார்ட் டைம் விண்ணப்பத்தில் நேரத்தை எப்படி எழுதுவது

"அக்கா, நான் திருமங்கலம். தல்லாகுளம் பக்கம் ஒரு காலேஜ்ல பி.காம். சி.ஏ. ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். பழங்காநத்தத்துல ஒரு சூப்பர் மார்க்கெட்ல பார்ட் டைம் பில்லிங்குக்கு ஆள் எடுக்குறாங்க. அப்ளிகேஷன்ல காலேஜ் டைம்டேபிளை அப்படியே வச்சிடலாமா? எங்களுக்கு டே ஆர்டர் வேற. ரெண்டு ஆர்டர் மட்டும் 3.30 ஆகும், மத்ததெல்லாம் 1.45-க்கு முடிஞ்சிடும். சனி, ஞாயிறு ஃப்ரீன்னு எழுதினா போதுமா?"

டைம்டேபிளை வைக்காதீங்க மா. "சனி, ஞாயிறு ஃப்ரீ" என்றும் எழுதாதீங்க. இரண்டுமே உங்களுக்குத்தான் பின்னால் தொந்தரவு.

நான் மதுரையில் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பல வருஷமாக டூட்டி சார்ட் போடுகிறேன். காலேஜ் பிள்ளைகளின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்துதான் முதலாளியிடம் போகும். அதனால் அந்தத் தாளை வாங்குகிறவர் அதில் எதைத் தேடுகிறார் என்பதிலிருந்து சொல்கிறேன்.

டூட்டி சார்ட் என்பது ஒரு பெரிய தாள். மேலே திங்கள் முதல் ஞாயிறு வரை கிழமைகள், இடது பக்கம் கவுண்டர் எண்கள், கட்டங்களுக்குள் ஆட்களின் பெயர்கள். அடுத்த வாரத்துக்கானதை வியாழன் அல்லது வெள்ளியில் போட்டு, பில்லிங் கவுண்டர் பின்னால் ஒட்டிவிடுவோம். நிரப்புவதற்கு எனக்குத் தேவை ஒன்றுதான்: இந்தக் கிழமை, இத்தனை மணிக்கு, இந்தப் பெண் கடைக்குள் இருப்பாளா? உங்கள் டைம்டேபிளில் இருப்பது பாடத்தின் குறியீடு, ஆசிரியரின் சுருக்கப் பெயர், கிழமைக்குப் பதிலாகக் காலேஜ் நடக்கும் நாட்களுக்கு வரிசையாக ஒன்று முதல் ஆறு வரை எண் போடும் டே ஆர்டர். கிழமையே அதில் கிடையாது. அதைப் பார்த்து நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பேன் என்று எதிர்பார்த்தால், பண்டிகை நெருக்கத்தில் அந்தத் தாள் அடியில் போய்விடும். நேரம் தெளிவாக எழுதிய இன்னொரு பிள்ளையின் தாள் மேலே வந்துவிடும்.

டே ஆர்டர் உங்களை எங்கே மாட்டிவிடும் என்று பார்ப்போம். இது காலேஜ் போகிறவர்களுக்குப் பழகிப்போன விஷயம், கடைக்காரர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆர்டர் ஆறு, ஆனால் பல வாரங்களில் காலேஜ் நடப்பது ஐந்து நாள். முதல் வாரம் திங்கள் முதல் ஆர்டர் என்றால் வெள்ளி ஐந்தாம் ஆர்டர். அடுத்த திங்கள் ஆறாம் ஆர்டர், செவ்வாய்தான் முதல் ஆர்டர். லீவே இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு நாள் நகர்ந்துகொண்டே போகும்.

உங்களுக்கு 3.30 வரை இழுக்கும் ஆர்டர்கள் மூன்றும் ஐந்தும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அது புதனும் வெள்ளியும். இரண்டாம் வாரம் வியாழன் மட்டும். மூன்றாம் வாரம் திங்களும் வெள்ளியும். இதில் இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு அரசு விடுமுறை வந்தால் அன்றைய ஆர்டர் புதனுக்குத் தள்ளிப்போகும். மூன்றாம் ஆர்டர் வியாழனிலிருந்து வெள்ளிக்குப் போய்விடும், ஐந்தாம் ஆர்டர் அடுத்த செவ்வாய்க்குப் போகும். இப்போது நீங்கள் விண்ணப்பத்தில் "செவ்வாய் 2.30-லிருந்து வர முடியும்" என்று எழுதியிருந்தால், எழுதின வாரத்தில் அது உண்மை. மூன்றாவது வாரம் பொய். உங்களை நம்பி 2.30 ஷிப்டில் பெயர் போட்டவர் கவுண்டரைத் திறக்க ஆள் இல்லாமல் நிற்பார். "இந்தப் பொண்ணு நேரத்துக்கு வர்றதில்லை" என்றுதான் அவர் மனதில் பதியும். டே ஆர்டர் நகர்ந்த கதையை அந்த நேரத்தில் யாரும் நின்று கேட்கமாட்டார்கள்.

அதனால் செய்ய வேண்டியது இது. ஆறு ஆர்டரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு முடிகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். அதில் ஆகத் தாமதமாக முடியும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது 3.30. எல்லாக் கிழமைக்கும் அதுவே கணக்கு. 1.45-க்கு முடியும் நாட்களில் கையில் மிச்சமாகும் நேரம் உங்களுடையது. ரெக்கார்ட் எழுதலாம், சாப்பிட்டுவிட்டு நிதானமாக வரலாம். அந்த நேரத்தையும் கடைக்கு விற்கப் பார்த்தால்தான் சிக்கல் தொடங்கும். கடைக்கு மதியம் கூட்டமே இருக்காது. சூப்பர் மார்க்கெட்டுக்கு ஆள் வேண்டியது மாலை 5 மணிக்கு மேல்தான். நீங்கள் விட்டுக்கொடுக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை அவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள்.

அடுத்தது பயணம். காலேஜ் முடியும் நேரம் வேறு, கடைக்குள் நிற்கும் நேரம் வேறு. விண்ணப்பத்தில் வர வேண்டியது இரண்டாவது. தல்லாகுளத்தில் 3.30-க்குக் கிளம்பி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் மாறி பழங்காநத்தம் வர முக்கால் மணி நேரம் ஆகலாம். கோரிப்பாளையத்தில் நெரிசல் என்றால் இன்னும் கூடும். 4.15 என்று எழுதினால் பாதி நாள் தாமதம் ஆகும். 4.30 என்று எழுதுங்கள். பத்து நிமிடம் முன்னால் வந்து நிற்கிற பிள்ளை என்ற பெயர் கிடைத்தால் மற்றதெல்லாம் பேசிச் சரிசெய்துகொள்ளலாம்.

திரும்பும் நேரத்தையும் நீங்களே எழுதிவிட வேண்டும். பழங்காநத்தம் உங்களுக்கு வசதியான இடம்தான், திருமங்கலம் பஸ் அந்த வழியாகத்தான் பசுமலை, திருநகர் என்று போகும். ஆனால் கடை 9.30 வரை இருக்கும். 9.30-க்கு ஷட்டர் இறக்கி, கல்லாக் கணக்கு ஒப்படைத்துக் கிளம்பினால் வீடு போய்ச் சேர 11 மணி நெருங்கிவிடும். மறுநாள் காலை காலேஜ். அதனால் "8 மணி வரை" என்று முதலிலேயே இருக்கட்டும். இதில் தயங்க வேண்டியதில்லை. கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் கொடுத்த ஆணையிலேயே, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. விண்ணப்பத்தில் சட்டம் பேச வேண்டாம். நேரத்தை மட்டும் எழுதுங்கள். யாராவது "கடை சாத்துற வரைக்கும் இருக்கணுமே" என்று கேட்டால், எட்டு மணிக்கு மேல் பஸ், வீடு என்று சிரமம் என்பதை நேராகச் சொல்லுங்கள்.

பில்லிங் கவுண்டரில் இன்னொன்றும் உண்டு. எட்டு மணிக்கு வேலை முடிகிறது என்றால் எட்டு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. கல்லாப்பெட்டிப் பணத்தை எண்ணி, யுபிஐ, கார்டு ரசீதுகளோடு ஒத்துப்பார்த்து, அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். கால் மணி நேரமாவது ஆகும். அதனால் கடைசி பில் 7.45, ஒப்படைப்பு 8.00 என்று நேர்முகத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இனி சனிக்கிழமை. பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான்.

ஞாயிறு உறுதியான நாள். சனி அப்படியில்லை. காலேஜில் வருஷ ஆரம்பத்தில் கொடுக்கிற ஹேண்ட்புக்கில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே டே ஆர்டர் அச்சிட்டிருக்கும். அதை எடுத்து சனிக்கிழமைகளை மட்டும் பாருங்கள். சிலவற்றுக்கு எதிரே ஆர்டர் போட்டிருக்கும், அது வேலை நாள். அச்சிட்டது இவ்வளவுதான் என்று இருந்துவிடவும் முடியாது. மழைக்கு கலெக்டர் லீவு விடுவார். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு உள்ளூர் விடுமுறை வரும். விட்ட நாளை ஈடுகட்ட எடுப்பது பெரும்பாலும் ஒரு சனிக்கிழமையைத்தான். ஆக, வாரத்தின் நடுவில் எதிர்பாராமல் ஒரு லீவு வந்தால் சந்தோஷப்படும்போதே, "எந்தச் சனிக்கிழமை போகப்போகிறதோ" என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதனால் "சனி ஃப்ரீ" என்பது பாதி உண்மை. "சனி முடியாது" என்று எழுதினால் அதுவும் தவறு. கடைக்கு வாரத்திலேயே ஆள் அதிகம் தேவைப்படுவது சனி மாலையும் ஞாயிறும்தான், அதிலும் சம்பளம் வாங்கி மாதச் சாமான் வாங்க வருகிற முதல் வாரத்தில். உங்கள் விண்ணப்பம் எடுபடுவதே அந்த நாட்களால்தான். அதனால் சனிக்கிழமையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: காலேஜ் இல்லாத சனி, காலேஜ் உள்ள சனி. இரண்டுக்கும் தனித்தனி நேரம். எது எந்தச் சனி என்பதை அந்த வாரம் வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று ஒரு வரி சேருங்கள். வியாழன் ஏன் என்றால், ஏற்கெனவே ஒட்டின சார்ட்டில் ஆளை மாற்ற எனக்கு ஒரு நாளாவது கிடைக்கும். சனி காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் "அக்கா, இன்னிக்கு காலேஜ் இருக்கு" என்று வருவதற்கும், வியாழனே தெரிந்துகொள்வதற்கும் எனக்கு எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லி முடியாது. முதலாவதில் வீட்டில் இருக்கும் ஒருவரை லீவு நாளில் கெஞ்சி வரவழைக்க வேண்டும்.

உங்கள் விவரங்களை வைத்து, விண்ணப்பத்தில் இந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று எழுதிக்காட்டுகிறேன். படிப்பு விவரத்துக்கு அடுத்ததாகவே இதை வையுங்கள், கடைசிப் பக்கத்தில் ஒளிய வேண்டாம்.

"கடையில் நான் இருக்கக்கூடிய நேரம், பயண நேரம் போக:

திங்கள், புதன், வெள்ளி மாலை 4.30 முதல் 8.00 வரை. இது எல்லா வாரமும் மாறாது.

ஞாயிறு காலை 10.00 முதல் மாலை 6.00 வரை. இதுவும் மாறாது.

சனி, கல்லூரி இல்லாவிட்டால் காலை 10.00 முதல் மாலை 6.00 வரை, கல்லூரி இருந்தால் மாலை 4.30 முதல் 8.00 வரை. எது என்பதை அந்த வாரம் வியாழக்கிழமை மாலைக்குள் தெரிவிப்பேன்.

செவ்வாய், வியாழன் வர இயலாது.

செமஸ்டர் தேர்வு நடக்கும் வாரங்களில் ஞாயிறு மட்டும் வர முடியும். தேர்வு அட்டவணை வந்தவுடன் தேதிகளை எழுதித் தருவேன்."

இவ்வளவுதான். டே ஆர்டர் என்ற சொல்லே இதில் இல்லை, கவனித்தீர்களா? அந்தக் கணக்கு உங்கள் நோட்டில் இருக்க வேண்டியது.

மணிக்கணக்கையும் பார்த்துவிடுவோம். மூன்று மாலைக்குப் பத்தரை மணி நேரம். ஞாயிறு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் ஏழு. சனி காலேஜ் இருந்தால் மூன்றரை, இல்லாவிட்டால் ஏழு. ஆக வாரத்துக்கு 21 மணி நேரம் நிச்சயம், சில வாரம் 24.5. விண்ணப்பத்தில் "வாரத்துக்குக் குறைந்தது 21 மணி நேரம்" என்று ஒரு வரி போட்டால், மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசும் இடத்தில் முதலாளிக்கும் கணக்கு எளிது, உங்களுக்கும் மாதம் எவ்வளவு வரும் என்று தெரியும். குறைந்த அளவை எழுதுங்கள். 24.5 என்று எழுதிவிட்டு 21 வந்தால் குறையாகத் தெரியும். 21 எழுதி 24.5 வந்தால் உங்களுக்குத்தான் மதிப்பு.

செவ்வாயும் வியாழனும் முடியாது என்று ஏன் எழுதச் சொன்னேன்? ஐந்து நாளும் மாலை கொடுக்க முடியும் என்று உங்களுக்கே தோன்றும். முதல் மாதம் முடியும். பிறகு இன்டர்னல் டெஸ்ட் வரும், அசைன்மென்ட் வரும். இரண்டு மாலை கையில் இருந்தால் படிப்பு அங்கே ஓடும். கடைகளுக்கான 1947-ஆம் வருஷத்துச் சட்டமும் வேலை பார்ப்பவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு வேண்டும் என்கிறது. சனி, ஞாயிறு இரண்டையும் கடைக்குக் கொடுத்துவிட்ட பிள்ளை, வாரநாளில்தான் அந்த ஓய்வை எடுத்தாக வேண்டும். ஏன் முடியாது என்ற காரணத்தை விண்ணப்பத்தில் எழுத வேண்டியதில்லை. காரணம் எழுதினால் அதைப் பேரம் பேசத் தோன்றும்.

வருகைப் பதிவையும் யோசியுங்கள். 75 சதவீதம் இல்லையென்றால் ஹால் டிக்கெட்டில் பிரச்சினை வரும் என்று உங்களுக்கே தெரியும். கடைசி ஹவரை விட்டுவிட்டு ஓடிவருகிற பழக்கம், நேரத்தை நெருக்கிப் பிடித்து எழுதின விண்ணப்பத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். 4.30-க்குப் பதில் 4.00 என்று எழுதியிருந்தால், 3.30 ஆகும் ஆர்டர் வரும் ஒவ்வொரு நாளும் நீங்கள் ஒரு ஹவர் கட் அடித்தாக வேண்டும். அரை மணி நேரத்துக்கு அது கட்டுப்படியாகாது மா.

தேர்வு வாரங்களைப் பற்றிக் கொஞ்சம். செமஸ்டர் தேர்வு பொதுவாக நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். கடைக்கு ஆள் மிகவும் வேண்டிய காலமும் அங்கேயே வந்து நிற்கிறது. ஏப்ரல், மே சித்திரைத் திருவிழா. அதற்கு எதிர்ப்புறம் தீபாவளி. தீபாவளி நகர்ந்துகொண்டே இருக்கும். 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. அக்டோபரில் வந்தால் தேர்வுக்கு முன்னால் முடிந்துவிடும், நீங்கள் தாராளமாக நேரம் கொடுக்கலாம். நவம்பரில் வந்தால் தேர்வோடு மோதும். அதனால் சேரும்போதே, "தீபாவளிக்கு முந்தின இரண்டு ஞாயிறும் முழு நாள் வருவேன், தேர்வு இருந்தால் வாரநாள் மாலை வர முடியாது" என்று சொல்லி வைத்துவிடுங்கள். பண்டிகை நேரத்தில் எந்த நாள் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்கிற மாணவியைக் கடை விடாது. "பண்டிகைக்கு லீவு கிடையாது" என்று சொல்லும் கடையாக இருந்தாலும், தேதியோடு கேட்டால் இறங்கிவருவார்கள். கடைசி நேரத்தில் கேட்டால் வரமாட்டார்கள்.

ஞாயிறைக் குலைக்கும் விஷயங்களும் சில உண்டு. டைப்ரைட்டிங் எழுதுகிறீர்கள் என்றால் பிப்ரவரி, ஆகஸ்டில் தேர்வு சனி, ஞாயிறில் வரும். என்.எஸ்.எஸ்.-இல் இருந்தால் ஏழு நாள் சிறப்பு முகாம். உங்கள் ஊர்க் கோயில் பொங்கல் ஒன்று இருக்குமே, அதுவும். இவை இப்போதே தெரிந்தவை என்பதால் ஒரு வரியில் எழுதிவிடலாம். திடீரென்று வரும் கல்யாணங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு என்று மனதுக்குள் ஒதுக்கி, அதற்கும் வியாழன் கெடுவையே வைத்துக்கொள்ளுங்கள்.

சில கடைகள் இப்போது விண்ணப்பத்தை ஆன்லைன் படிவமாகவே அனுப்புகின்றன. அதில் வாரநாள், வாரஇறுதி என்று இரண்டு கட்டம் மட்டும் இருக்கும், டிக் அடிக்கச் சொல்லும். இரண்டையும் அடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். கீழே குறிப்பு எழுத இடம் இருந்தால் மேலே சொன்ன வரிகளை அங்கே போடுங்கள். இல்லையென்றால் படிவம் அனுப்பிய எண்ணுக்கே தனியாக அனுப்புங்கள். "எந்த நேரமும் வரத் தயார்" என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். படிக்கிற பிள்ளை எந்த நேரமும் வர முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் படித்ததும், இந்தப் பிள்ளை தன் டைம்டேபிளையே இன்னும் பார்க்கவில்லை என்றுதான் நினைப்போம்.

நேர்முகத்தில் உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். "சனிக்கிழமை காலையில வர முடியுமா?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்பார்கள். பதற்றத்தில் "முடியும் சார்" என்றால், தாளில் எழுதினதற்கும் வாயில் சொன்னதற்கும் பொருந்தாது. "காலேஜ் இல்லாத சனிக்கிழமைன்னா பத்து மணிக்கு வந்துடுவேன் சார். காலேஜ் இருந்தா நாலரைக்கு. எதுன்னு வியாழக்கிழமையே சொல்லிடுவேன்" என்று சொல்லுங்கள். அப்போதே ஹேண்ட்புக்கை எடுத்து வரப்போகும் நான்கு சனிக்கிழமையையும் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பேசிக்கலாம், முதல்ல வா" என்று அவர்கள் நேரத்தைப் பற்றிப் பேசவே மறுத்தால், அங்கே கொஞ்சம் கவனமாக இருங்கள். சேருவதற்கு முன்னால் நாள், நேரம் இரண்டையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கிவிடுங்கள். எழுதித் தர மனமில்லாத கடையில் எட்டு மணி என்பது மெதுவாக ஒன்பதாகும்.

கடைசியாக, இந்தத் தாள் ஒரு செமஸ்டருக்குத்தான் செல்லும். டிசம்பரில் அடுத்த செமஸ்டர் தொடங்கும்போது டைம்டேபிள் மாறும், 3.30 ஆகும் ஆர்டர் வேறாக இருக்கும், சில நேரம் 4.30 கூட ஆகலாம். புது டைம்டேபிள் கைக்கு வந்த அன்றே மறுபடி ஆறு ஆர்டரையும் எழுதிப் பாருங்கள். நேரம் மாறினால் புதுத் தாள் எழுதி, எந்தத் தேதியிலிருந்து என்று மேலே குறித்து, சார்ட் போடுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.